கொட்டிய இடத்து வலியும் உடல் முழுவதும் பரவும் ஆபத்தும்: குளவி, தேள் கொட்டினால் யார் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பினாங்கில் மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில், குறிப்பாக பாலேக் பூலாவ், ஆயர் ஈத்தாம் பக்கத்தில் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்களுக்குக் குளவிக்கூடு புதிய காட்சி அன்று. கூரையின் ஓரத்திலும், பழமரக் கிளையிலும், சில வேளைகளில் புல்லுக்கும் புதருக்கும் நடுவிலும் அது இருக்கும். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் தெபுவான் என்று அழைக்கும் பெரிய குளவிகளுள் இங்கே அதிகம் காணப்படுவது, உடல் கறுப்பாகவும் வயிற்றின் முன்பகுதி மட்டும் செம்மஞ்சள் பட்டையாகவும் இருக்கும் வகை. இது கொட்டினால் வலிக்கும் என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது வேறொன்று: அந்த வலியும் வீக்கமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை அவற்றை வைத்து அளக்க முடியாது.

குளவி கொட்டிய பின் நேரக்கூடிய தொல்லைகள் காரணத்தால் மூன்று வகைப்படும். முதலாவது, நஞ்சு இறங்கிய இடத்திலேயே அது செய்யும் வேலை. குளவி நஞ்சில் ஹிஸ்டமின், செரோட்டோனின், அசிட்டைல்கொலின் போன்ற பொருள்கள் இருப்பதால் அந்த இடம் எரிந்து, சிவந்து, வீங்குகிறது. இது கொட்டு வாங்கிய எல்லோருக்கும் வரும். இரண்டாவது, நஞ்சிலுள்ள புரதங்களை உடலின் தற்காப்பு அமைப்பு பகையாக எண்ணி உடல் முழுவதும் ஒரே நேரத்தில் காட்டும் கடுமையான ஒவ்வாமை. மருத்துவர்கள் இதை அனாபிலாக்சிஸ் என்பார்கள். இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். நஞ்சின் அளவு இங்கே பெரிய பொருட்டன்று. மூன்றாவது, பல குளவிகள் ஒன்றாகக் கொட்டி, நஞ்சின் மொத்த அளவே உடல் தாங்காத அளவுக்குப் போய்விடுவது. இதற்கு ஒவ்வாமை இருக்க வேண்டியதில்லை.

இம்மூன்றையும் வீட்டில் இருப்பவர் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். மாற்றம் கொட்டிய இடத்தோடு ஒட்டியிருக்கிறதா, அல்லது அதற்குத் தொடர்பில்லாத இடங்களிலும் தெரிகிறதா? அது கொட்டிய சில நிமிடங்களில் வந்ததா, மறுநாள் வந்ததா?

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பின்தொடர்வோம். இதில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். நடப்பவை யாவும் மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணப்படுபவை.

பாலேக் பூலாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐம்பத்திரண்டு வயதான ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். இயந்திரத்தின் அதிர்வு புதருக்குள் இருந்த கூட்டைக் கலைத்துவிடுகிறது. குளவிகள் கிளம்ப, அவருக்குக் கழுத்தில் ஒன்றும் முழங்கைக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு கொட்டுகள். உதவிக்கு நின்ற தங்கை மகனுக்கு, ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, புறங்கையில் ஒரு கொட்டு. இருவரும் வீட்டுக்குள் ஓடி வந்து கதவைச் சாத்துகிறார்கள். இதுவரை செய்தது சரிதான். குளவிக் கூட்டின் அருகே நின்று கையை வீசி விரட்டுவது இன்னும் பல குளவிகளை வரவழைக்கும். கொட்டும்போது வெளிப்படும் வாடையே மற்றவற்றுக்கு எச்சரிக்கையாக அமைகிறது. ஓடிப்போய் ஓர் அறைக்குள் புகுவதே நல்லது.

சிறுவன் உரக்க அழுகிறான். அவனுடைய கை கண்ணெதிரே தடிக்கிறது. வீட்டார் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, பையனைப் பாருங்கள்" என்கிறார். அவருடைய கழுத்தில் இருப்பது ஒரு காசு அளவுச் சிவப்புத்தான்.

ஐந்தாறு நிமிடம் ஆகிறது. பெரியவர் உள்ளங்கையைச் சொறியத் தொடங்குகிறார். காது மடல்கள் சிவக்கின்றன. கொட்டியதோ கழுத்திலும் முன்னங்கையிலும். அரிப்பதோ உள்ளங்கையிலும் இடுப்பிலும். முதல் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து அவர் வயிற்றை முறுக்குகிறது என்று சொல்லிக் கழிவறைக்குப் போக எழுகிறார். பலர் தவறவிடும் அறிகுறி இதுதான். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று வீட்டார் நினைக்கக்கூடும். ஆனால் பூச்சி கொட்டிய சில நிமிடங்களில் வரும் வயிற்று வலியும் வாந்தியும் உணவால் வந்தவை என்று கருதப்படமாட்டா. கடுமையான ஒவ்வாமையின் அடையாளங்களாகவே அவை எடுத்துக்கொள்ளப்படும்.

எழுந்து நான்கு அடி நடந்தவர், முகம் வெளுத்து, வியர்த்து, சுவரைப் பிடித்தபடி சரிகிறார்.

உள்ளே நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்துச் செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கும். ஒவ்வாமையின்போது வெளியாகும் பொருள்கள் உடலெங்கும் உள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடுகின்றன. குழாய்ச் சுவர்களும் கசியத் தொடங்குகின்றன. அதனால் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. படுத்திருக்கும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும் இதயம், எழுந்து நின்றவுடன் நிரம்புவதற்கு இரத்தமின்றி வெறுமையாகத் துடிக்கிறது. கடும் ஒவ்வாமையில் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்த அல்லது நின்ற கணத்திலேயே சரிந்திருப்பது தெரியவந்தது. ஆகவே மயக்கம் வருவதுபோல் இருப்பவரைக் கழிவறைக்கு நடத்திச் செல்வதும், கைத்தாங்கலாகக் காருக்கு நடக்கவைப்பதும், "கொஞ்சம் காற்றாட உட்காருங்கள்" என்று நாற்காலியில் நிமிர்த்தி வைப்பதும் மிகுந்த ஆபத்தானவை. தரையில் படுக்கவைத்துக் கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்படுபவர் மட்டும் கால்களை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுப்பவரையும் நினைவில்லாதவரையும் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். கர்ப்பிணியை இடப்பக்கமாகக் கிடத்த வேண்டும்.

மனைவி 999 அழைக்கிறார். அழைப்பில் முதலில் சொல்ல வேண்டியது, குளவி கொட்டிய பின் மயங்கி விழுந்தார் என்பதும் இடத்தின் அடையாளமும். "குளவி கொட்டிவிட்டது" என்று மட்டும் சொன்னால் நிலைமையின் அவசரம் கேட்பவருக்கு விளங்காமல் போகலாம். மைத்துனர், காரில் ஏற்றி ஜார்ஜ் டவுனில் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாம் என்கிறார். இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பூச்சி கொட்டியதால் இறந்தவர்களைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கொட்டியதிலிருந்து இதயம் நிற்கும்வரை ஆன நேரத்தின் நடுமதிப்பு ஏறத்தாழ 15 நிமிடமாக இருந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் அரை மணிக்கும் மேலாகப் பயணம் செய்வதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கடும் ஒவ்வாமையில் உயிர் காக்கும் மருந்தான அட்ரினலின் ஊசி எங்கே மிக அருகில் கிடைக்குமோ அதுவே சரியான இடம்: ஊரிலேயே இருக்கும் பாலேக் பூலாவ் மருத்துவமனையோ, அதைவிட அருகே திறந்திருக்கும் ஒரு கிளினிக்கோ. ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆகும் என்று தொலைபேசியில் சொன்னால், காரின் பின்னிருக்கையில் படுத்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். முன்னிருக்கையில் நிமிர்த்தி உட்காரவைத்து வார் கட்டிவிடக் கூடாது.

இதற்கிடையில் யாரோ அலமாரியிலிருந்து செடிரிசின் மாத்திரையை எடுத்து வருகிறார். அதைக் கொடுப்பதால் பெரிய கேடில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மயங்கும் நிலையில் இருப்பவர் வாயில் எதையும் போடக் கூடாது என்பது ஒருபுறம் இருக்க, அந்த மாத்திரை தோல் அரிப்பைக் குறைக்குமே தவிர, விழுந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தாது. இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. அது வேலை செய்யவே அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். பல மணி நேரம் கழித்தே அதன் பயன் தெரியும். இந்த நிலையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஒன்றுதான்.

மருத்துவமனையில் அவரை அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மலேசிய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருபவர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிப்பது வழக்கம். சிவப்பு என்றால் உடனடியாகப் பார்க்க வேண்டியவர் என்று பொருள். இரத்த அழுத்தம் 75க்கு 40. அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. கையிலோ தோலுக்கடியிலோ போடுவதைவிடத் தொடைத் தசையிலிருந்து அது விரைவாக இரத்தத்தில் சேரும். சிரை வழியாக உப்புநீர் வேகமாக ஏற்றப்படுகிறது. ஐந்து நிமிடம் கழித்து அழுத்தம் 88 மட்டுமே இருப்பதால் இரண்டாவது ஊசி. அதன் பிறகு 110. முகத்தில் நிறம் திரும்புகிறது, "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்கிறார்.

தேறிவிட்டார் என்பதற்காக அவரை உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அடங்கிய ஒவ்வாமை, மீண்டும் ஒரு கொட்டு வாங்காமலேயே, சில மணி நேரம் கழித்துத் திரும்பத் தலைதூக்குவது உண்டு. அதனால் பல மணி நேரம் கண்காணிப்பு தேவை. இவரைப்போல் இரண்டு ஊசி தேவைப்பட்டவரை இரவு முழுவதும் வைத்திருப்பதே வழக்கம். "நன்றாகத்தானே இருக்கிறேன், எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டு வெளியேறுவது விவேகமன்று.

இவருடைய நிலையில் இன்னொன்றும் உண்டு. இரத்த அழுத்தத்துக்காக அட்டினோலால் என்ற மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறார். பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்த அந்த மருந்து, அட்ரினலின் வேலை செய்யும் அதே இடங்களைத் தடுத்து வைப்பதால், ஊசியின் பலன் மந்தமாகலாம். மருத்துவருக்கு இது தெரிந்தால், தேவைப்படும்போது குளுக்ககான் என்ற மாற்று மருந்தைத் தயாராக வைப்பார். ஆதலால் மருத்துவமனைக்குப் புறப்படும்போது மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்வது, கொட்டிய குளவியைத் தேடிப் பிடித்துப் புட்டியில் அடைத்துக் கொண்டுபோவதைக் காட்டிலும் பயனுள்ளது.

அறிகுறிகளைப் பற்றி இன்னும் சில சொற்கள் தேவை. இவருக்கு அரிப்பும் சிவப்பும் முதலில் வந்து எச்சரித்தன. எல்லோருக்கும் அப்படி வராது. கடும் ஒவ்வாமை உற்றவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ தோலில் எதுவுமே தெரியாது. நேராகத் தலைசுற்றி விழுவார்கள், அல்லது மூச்சு இறுகும். குரல் கரகரத்தல், தொண்டை அடைப்பதுபோன்ற உணர்வு, நாக்குத் தடித்தல், விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், திடீர் சோர்வு, மனக்கலக்கம் ஆகியவற்றுள் ஒன்று, கொட்டிய ஒரு மணி நேரத்துக்குள் வந்தாலே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறு குழந்தை சொல்லத் தெரியாமல் துவண்டு, வெளுத்துப் போவதும் இதே பொருளுடையது. உடல் முழுவதும் தடிப்பு மட்டும் எழும்பி, மூச்சும் நினைவும் சீராக இருந்தால், அது இன்னும் உயிராபத்து ஆகவில்லை. ஆனாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனை வளாகத்தில் இருந்தபடியே அது தணிகிறதா என்று பார்ப்பதே முறை.

"போன முறை கொட்டியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வாமைக்கு உடலைத் தயார்செய்வதே அந்த முந்தைய கொட்டுத்தான். பூச்சி கொட்டி இறந்தவர்களில் கணிசமானோருக்கு முன்பு எந்தக் கடும் விளைவும் இருந்ததில்லை.

இனி அந்தச் சிறுவனிடம் திரும்புவோம். மறுநாள் காலை அவன் கை, விரல்கள் மடக்க முடியாதபடி, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை அருகே வரை வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. பார்ப்பவர்களுக்கு மாமாவின் கழுத்தைவிட இது பன்மடங்கு பயங்கரம். ஆனால் வீக்கம் கொட்டிய புறங்கையிலிருந்து தொடர்ந்து பரவியதே, வேறெங்கும் தடிப்பில்லை, பையன் ஓடியாடுகிறான், சாப்பிடுகிறான். இதைப் பெருவீக்கம் என்று சொல்லலாம்: பத்து சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, ஒருநாளுக்கு மேல் நீடிக்கும் வீக்கம். இது ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் வடிந்துவிடும். இப்படி வீங்கியவர்களுக்கு அடுத்த முறை கடும் ஒவ்வாமை வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்து முதல் பத்து என்ற அளவிலேயே இருக்கிறது. "அடுத்த கொட்டில் உயிரே போய்விடும்" என்று பிள்ளையைப் பயமுறுத்துவது தேவையற்றது.

இந்த மறுநாள் வீக்கத்தைக் கிருமித் தொற்று என்று எண்ணி ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் பரவலாக நடக்கிறது. முதல் இரண்டு நாளில் வரும் சிவப்பும் சூடும் பெரும்பாலும் நஞ்சின் விளைவே. தொற்றாக இருந்தால் காலவரிசை வேறாக இருக்கும்: குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு மீண்டும் கூடும், காய்ச்சல் அடிக்கும், சீழ் வைக்கும். அப்போது கிளினிக்குக்குப் போவது சரி.

அவனுக்கு வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். கையை உயர்த்தி வைக்க வேண்டும். மோதிரம், வளையல், பூசைக் கயிறு ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பின் மோதிரம் விரலின் இரத்த ஓட்டத்தை நெரித்து, அதை வெட்டி எடுக்கவே மருத்துவமனைக்குப் போக நேரும். வலிக்கு பாராசிட்டமோல், அரிப்புக்கு வயதுக்கேற்ற அளவில் செடிரிசின், ஒரு விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு போதும். கொட்டியது தேனீயாக இருந்தால் மட்டுமே கொடுக்கு தோலில் நிற்கும். அதை நகத்தாலோ விரலாலோ எப்படியாவது உடனே எடுத்துவிட வேண்டும், வழிமுறையைவிட வேகமே முக்கியம். குளவி கொடுக்கை விட்டுச்செல்வதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும்.

வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவுவது நம் வீடுகளில் பல தலைமுறைப் பழக்கம். நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிட்டதால் மேலே பூசுவது அதைத் தொடாது. சுண்ணாம்பு கடும் காரமாதலால், வீங்கிய மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடவும் கூடும். பற்பசைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அதே பதில்தான். கீறி இரத்தம் எடுப்பது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். இந்தப் பூச்சுகளின் பெரிய குறை தோலுக்கு உண்டாக்கும் கேடு அன்று. கவனிக்க வேண்டிய முதல் அரைமணி நேரத்தில் எல்லோருடைய கண்ணையும் கொட்டிய இடத்திலேயே கட்டிப்போட்டு, முகத்தையும் மூச்சையும் பார்க்கவிடாமல் செய்வதுதான்.

கொட்டிய இடமே ஆபத்தாகும் விதிவிலக்குகள் இரண்டு. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் சாதாரண வீக்கமே மூச்சுப் பாதையை அடைத்துவிடும். திறந்து வைத்த குளிர்பான டின்னுக்குள் குளவி புகுந்திருப்பது தெரியாமல் குடிப்பவர்களுக்கு இது நேர்கிறது. கண் விழியில் கொட்டினால் பார்வை பாதிக்கப்படலாம். இவ்விரண்டுக்கும் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வகையான பல கொட்டுகள், நேரக் கணக்கையே தலைகீழாக்கும். ஒரு தோட்டத் தொழிலாளியை நாற்பது குளவிகள் கொட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரத்தில் மூச்சு சீராக இருக்கிறது, மயக்கமில்லை. ஒவ்வாமை இல்லை என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆனால் அவ்வளவு நஞ்சு தசைகளையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். சிதைந்த தசையின் நிறப்பொருள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கோப்பி நிறத்தில் இறங்கும், பிறகு அளவே குறையும். அப்போது வருபவருக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். அன்றே வந்திருந்தால், இரத்தப் பரிசோதனை செய்து சிரை வழியாக நீர் ஏற்றி, சிறுநீரகத்தைக் காக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். 2013ஆம் ஆண்டு சீனாவின் ஷான்சி மாநிலத்தில் பெருங்குளவிகள் தாக்கி 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சிறுநீரகச் செயலிழப்பால் துன்புற்றவர்கள் பலர் இருந்தனர். அங்குள்ள குளவி இங்குள்ளதைவிடப் பெரியது என்றாலும், சேதம் நடக்கும் முறை ஒன்றுதான்.

எத்தனை கொட்டு என்றால் போக வேண்டும் என்பதற்குக் கறாரான எல்லை கிடையாது. குளவியின் வகையையும் ஆளின் எடையையும் பொறுத்தது. என் கணிப்பில், பெரிய குளவி பத்துக்கு மேல் கொட்டிய எவரும், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகள், முதியோர், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும்.

தேள் விஷயம் வேறு. இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் ஏற்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கைப்பேசிக்கு வந்து சேரும் எச்சரிக்கைகளில் தேள் என்றாலே உயிர்க்கொல்லி. அவை பேசுவது இந்தியச் செந்தேளைப் பற்றி. மகாராட்டிரம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் அந்தச் சிறிய தேளின் நஞ்சு, நரம்புகளை முடுக்கி உடலை அட்ரினலின் போன்ற பொருள்களால் நிறைத்துவிடும். உடல் முழுவதும் வியர்வை, வாயில் எச்சில் பெருக்கு, வாந்தி, சில்லிட்ட கைகால், பிறகு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பது என்று சில மணி நேரத்துக்குள் அது முற்றும். மகாராட்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்ற மாத்திரை இந்த நிலையை மாற்றும் என்று 1980களில் காட்டிய பிறகுதான் அங்கே இறப்புகள் பெரிதும் குறைந்தன.

மலேசியாவில் வீட்டுக்குப் பின்புறத்திலும் தோட்டங்களிலும் நாம் காண்பது பெரும்பாலும் பெரிய கருந்தேள். பளபளக்கும் கரிய உடலும் தடித்த இடுக்கிகளும் கொண்ட இதைக் கண்டாலே நடுக்கம் வரும். ஆனால் அது கொட்டினால் வருவது பெரும்பாலும் அந்த இடத்து வலியும் வீக்கமும் மரப்பும்தான், அதுவும் ஒருநாளுக்குள் தணிந்துவிடும். இதற்கு முறிமருந்து தேவைப்படுவதில்லை. கழுவி, குளிர் ஒத்தடம் கொடுத்து, வலி மாத்திரை எடுத்தால் போதும். பொதுவாக இடுக்கி மெலிந்து வால் தடித்த தேள்களே நஞ்சு மிகுந்தவை என்பார்கள். அது ஓரளவு உண்மையே என்றாலும், ஓடும் தேளின் வாலை அளந்து முடிவெடுப்பது நடக்கிற காரியமன்று. ஆளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

தேள் கொட்டியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலைகள் இவை: கொட்டிய இடத்தைத் தாண்டி உடலெங்கும் வியர்ப்பது, எச்சில் ஒழுகுவது, தொடர்ந்து வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத்திணறல், தசை துடிப்பது, கண் நிலையின்றி அசைவது. இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி ஆகியோரை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. எடை குறைந்த குழந்தைக்கு அதே அளவு நஞ்சு அதிகமாகத் தாக்கும். தேள் நஞ்சுக்கும் ஒவ்வாமை வருவது உண்டு, அரிதாக. அதன் அடையாளங்களும் சிகிச்சையும் மேலே குளவிக்குச் சொன்னவையே.

தேளோ குளவியோ என்று தெரியாத நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் செருப்புக்குள் காலை விட்டபோதோ, விறகையோ ஓலையையோ தூக்கியபோதோ "ஏதோ கடித்தது" என்பவரைத் தேள்தான் கடித்திருக்கும் என்று நம் வசதிக்காக முடிவுகட்டிவிடக் கூடாது. வடமலேசியாவில் விரியன்களும் கட்டுவிரியன்களும் உண்டு. விரியன் கடி தேள் கொட்டைப்போலவே வலித்து வீங்கத் தொடங்கும். கட்டுவிரியன் கடியோ வலியே இல்லாமல் போய், சில மணி நேரம் கழித்து இமைகள் தாமாகச் சரிவதில்தான் தெரியும். கடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், பாம்புக்கடி என்றே கருதி, கை அல்லது காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குப் போவதே சரி.

அந்தப் பெரியவர் இரண்டாம் நாள் வீடு திரும்புகிறார். அவருக்கு மீண்டும் குளவி கொட்டினால் இதே நிலை வரும் வாய்ப்பு, பெரியவர்களைப் பொறுத்தவரை, நூற்றில் முப்பது முதல் அறுபது வரை என்று கணக்கிடப்படுகிறது. எனவே வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா? தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி கிடைக்குமா? இது விலை கூடியது. எல்லா மருந்தகத்திலும் இருப்பதில்லை. அது கிடைக்காவிட்டால், மருந்து அளந்து நிரப்பிய சிரிஞ்சு போன்ற மாற்று ஏற்பாடு உண்டா? மூன்றாவது, அட்டினோலாலைத் தொடர்வதா, வேறு மருந்துக்கு மாறுவதா? அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு வேறு சிக்கல் வரும்.

புதருக்குள் கூடு இன்னும் இருக்கிறது. அதைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்த மைத்துனர் தயாராக நிற்கலாம். தீப்புண்ணும் நூறு கொட்டும் ஒருசேரக் கிடைக்கும் வழி அது. பொம்பா என்று நாம் அழைக்கும் தீயணைப்பு மீட்புத் துறையும் பொதுத் தற்காப்புப் படையும் குளவிக்கூடு அகற்றும் வேலையைச் செய்கின்றன. காப்பு உடையணிந்து, பெரும்பாலும் குளவிகள் கூட்டுக்குத் திரும்பிவிடும் இரவு நேரத்தில் வருவார்கள். அதுவரை அந்தப் பக்கம் புல் வளரட்டும். இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.